எடுக்க, மாமா தோடு எங்க: ஒரு பால் ஆலையின் இரவு ஷிஃப்ட் நிகழ்வு ஆய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதை. ஆலையும் ஆட்களும் கற்பனை. ஆனால் பால் கெடும் விதமும், தூக்கம் ஆளைச் சாய்க்கும் விதமும், இரவில் ஆலைக்குள் தகவல் போய்வரும் விதமும் கற்பனை இல்லை. நிகழ்வு ஆய்வு எழுதும் வழக்கமான அமைப்பிலேயே கதையை வைத்திருக்கிறேன். பெயர்கள் வேண்டாம் என்பதால் வேலையை வைத்தே ஆட்களைக் குறிப்பிடுகிறேன்.

நடந்த இடம்

கொங்குப் பகுதியில் ஒரு தனியார் பால் ஆலை. பால் ஆலையில் பகலைவிட இரவில்தான் வேலை அதிகம். கிராமங்களில் மாலையில் கறந்த பால் குளிரூட்டும் நிலையங்கள் வழியாக டேங்கரில் இரவு பத்து மணிக்கு மேல் வந்து சேரும். அதைச் சோதித்து, பாஸ்சரைஸ் செய்து, பாக்கெட்டில் அடைத்து, நாலரை மணிக்குள் வேனில் ஏற்றிவிட வேண்டும். கடைக்காரர் கடை திறக்கும்போது டப் வாசலில் இருக்க வேண்டும் என்பதுதான் மொத்த ஆலைக்கும் கடிகாரம்.

இரவு ஷிஃப்ட் பத்து முதல் ஆறு வரை. அந்த நேரத்தில் லேபில் ஒரே ஒரு கெமிஸ்ட். உள்ளே வரும் பாலை எடுத்துக்கொள்வதா வேண்டாமா, பாலைச் சேர்த்து வைக்கும் பெரிய தொட்டிகளான சைலோக்களில் எதன் பால் பாக்கெட்டுக்குப் போகலாம், எது போகக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியவர் அவர். பகலில் இதற்கு ஒரு சீட்டு உண்டு. கெமிஸ்ட் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சீட்டு பாஸ்சரைசர் பக்கத்துப் பலகையில் தொங்கினால்தான் ஆபரேட்டர் அந்த சைலோவின் வால்வைத் திறப்பார். இரவில் சீட்டோடு யார் நடப்பது? லேபிலிருந்து பாஸ்சரைசர் ஹாலுக்கு ஐம்பது அறுபது அடிதான், ஆனால் டேங்கர் வரிசையில் நிற்கும்போது அதுவும் தூரம். வாட்ஸ்அப் குழு வந்த பிறகு இரவுச் சீட்டு தானாகக் கழன்றுவிட்டது. எழுத்தில் யாரும் மாற்றவில்லை. கேட்டால் “நைட்ல குரூப்ல போட்டுருவாங்க சார்” என்பார்கள்.

லேபில் ஒரு பழைய கணினி இருக்கிறது. கெமிஸ்ட் அதில்தான் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருப்பார். ஈரக் கையோடு போனைத் தொட வேண்டாம், தமிழில் வேகமாகத் தட்டலாம் என்பது அவர் காரணம். கணினியில் என்டரைத் தட்டினால் செய்தி போய்விடும். இந்தக் கதையில் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது.

அந்தப் பால்

வியாழன் அதிகாலை 1:50க்கு ஒரு டேங்கர் வந்தது. வழியில் பஞ்சர் என்று நேரம் கடந்து வந்த வண்டி. இரண்டு அறைகள் கொண்ட டேங்கர். முன் அறைப் பால் 6 டிகிரி, புளிப்பு 0.135 சதம். பசும்பாலுக்கு இது இயல்பு. பின் அறைப் பால் 9.5 டிகிரி, புளிப்பு 0.16. அந்த ஆலையின் வரம்பு 0.15.

புளிப்பு பார்ப்பது எளிது. பத்து மில்லி பாலில் ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, இளஞ்சிவப்பு நிறம் நிலைத்து நிற்கும்போது எத்தனை மில்லி இறங்கியது என்று பார்ப்பது. கொதிக்க வைத்துப் பார்க்கும் சோதனையும் செய்தார். சோதனைக் குழாயில் ஐந்து மில்லி பாலைக் கொதிநீரில் வைத்தால் கெட்ட பால் திரியும். இது திரியவில்லை. ஆக, பால் கெட்டுப் போகவில்லை, கெட்டுப் போகும் வழியில் இருந்தது. லேபில் இதுதான் மிகவும் சங்கடமான பால். கெட்ட பாலைத் திருப்பி அனுப்பிவிடலாம், நல்ல பாலை எடுத்துக்கொள்ளலாம். இதற்கு யோசிக்க வேண்டும்.

கெமிஸ்ட் சரியாகத்தான் யோசித்தார். பின் அறைப் பாலை வேறெதிலும் கலக்காமல் காலியாக இருந்த சைலோ 3இல் இறக்கிக் குளிரவைக்கச் சொன்னார். அப்புறம் எம்பிஆர்டி போட்டார். பத்து மில்லி பாலில் ஒரு மில்லி மெத்திலீன் நீலம் விட்டு, 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் காத்திருக்கும் சோதனை அது. பாலில் கிருமி எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் நீலம் வெளுக்கும். நல்ல பால் மணிக்கணக்கில் நீலமாகவே நிற்கும். அரை மணிக்கு ஒருமுறை குழாயை எடுத்துப் பார்த்து, எப்போது வெளுத்தது என்று எழுத வேண்டும். சோதனை தொடங்கியது 2:25க்கு. 2:55க்கும் 3:25க்கும் பார்த்திருக்கிறார். பதிவேட்டில் “நீலம்”, “வெளிர் நீலம்” என்று இருக்கிறது.

முடிவு தெரியும்வரை சைலோ 3 பால் பாக்கெட்டுக்குப் போகக்கூடாது. பாஸ்சரைசர் கிருமியைத்தான் பெரும்பாலும் கொல்லும், ஏற்கனவே ஏறிய புளிப்பை இறக்காது. 72 டிகிரியில் 15 நொடி ஓடி வெளியே வரும் பால் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். காலையில் வீட்டில் அடுப்பில் வைக்கும்போது திரியும். எட்டு மணிக்கு டீலர் போன் வரும்.

இதைச் சொல்லத்தான் அவர் 3:38க்குக் கணினி முன் உட்கார்ந்தார். அனுப்ப நினைத்தது இது: “சைலோ 3 பாலை பாஸ்சரைசருக்கு எடுக்க வேண்டாம். எம்பிஆர்டி பார்த்துட்டு சொல்றேன்.”

குழுவில் இருந்தது

கெமிஸ்ட், 3:38: சைலோ 3 பாலை பாஸ்சரைசருக்கு எடுக்க மாமா தோடு எங்க ட்ட்ட்ட்ட்ட்ட்ட்ட்ட்ட்ட்

பாஸ்சரைசர் ஆபரேட்டர், 3:41: என்ன தம்பி, தோடா?

பேக்கிங் சூப்பர்வைசர், 3:42: யார் தோடுங்க காணோம்? எந்த லைன்?

பேக்கிங் சூப்பர்வைசர், 3:44: லைன் 2 நிறுத்திட்டேன். தேடறோம்.

ஷிஃப்ட் இன்சார்ஜ், 3:45: க்யூசி, என்ன மெசேஜ் இது? தெளிவா போடுங்க.

பாய்லர், 3:47: தம்பி தூங்கிட்டாப்ல

ஆபரேட்டர், 3:49: சைலோ 2 முடியப் போகுது. சைலோ 3 எடுக்கறேன்.

பேக்கிங் சூப்பர்வைசர், 3:53: தோடு கிடைக்கல. பொண்ணுங்க எல்லார் காதும் பார்த்தாச்சு. யாரும் போட்டுட்டு வரல.

டெஸ்பாட்ச், 4:01: லைன் 2 எப்ப ஓடும்? ரெண்டு வண்டி நிக்குது.

கெமிஸ்ட், 4:07: யாரோட தோடு?

கெமிஸ்ட், 4:11: அண்ணா சைலோ 3 மூடுங்க

4:11க்குப் போட்ட செய்திக்கு அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து ஓடியிருக்கிறார். வால்வு மூடியது 4:13க்கு.

பொருளற்ற பாதியும் பொருளுள்ள பாதியும்

இந்தச் செய்தியை முதலில் பார்க்கும் எவருக்கும் கண் போவது தோட்டின் மேல்தான். குழுவிலும் அதுவே நடந்தது. ஆறு பேர் பார்த்தார்கள், அதில் நாலு பேருடைய குழப்பமும் தோடும் ட்ட்ட்டும் பற்றியது. “எடுக்க” என்ற சொல்லில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. அந்த ஆலையின் பதிவேடு முழுக்க அப்படித்தான் எழுதுவார்கள். “சைலோ 1 கழுவ.” “லைன் 4 நிறுத்த.” “கிரீம் டேங்க் காலி செய்ய.” அலுவலகக் கடிதத்தில் “உடன் அனுப்ப” என்று முடிப்பதுபோல, இங்கே “எடுக்க” என்றாலே அது முழு உத்தரவு. பின்னால் “வேண்டாம்” வரவேண்டியிருந்தது என்பது கெமிஸ்டின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. வேண்டாம், கூடாது, முடியாது எல்லாம் நம் வாக்கியத்தில் கடைசியில்தான் வரும், தூங்கிப் போகிறவன் தவறவிடுவதும் அந்தக் கடைசியைத்தான்.

ஆபரேட்டரிடம் பேசினேன். ஐம்பது வயதுக்காரர், அந்த பாஸ்சரைசரோடு இருபது வருடமாக இருப்பவர்.

“எடுக்கன்னு போட்டிருந்துச்சுங்க. அப்புறம் தோடுன்னு ஏதோ. தம்பி போன்ல யாருக்கோ பேசிட்டே அடிச்சிருப்பாப்லன்னு நெனச்சேன். அவிய அக்கா பையனுக்குக் காதுகுத்துன்னு முந்தா நாளே சொல்லீட்டிருந்தாப்ல.”

“சந்தேகம் இருந்தா கேட்டிருக்கலாமே அண்ணா?”

“கேட்டனே. எடுக்கறேன்னு போட்டேன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுவாப்லன்னுதான்.”

அவர் சொன்னதில் தவறு இல்லை. உத்தரவைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது நல்ல பழக்கம், ரயில்வேயிலும் விமானத்திலும் அதைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் திருப்பிச் சொன்னதை மறுமுனையில் ஒருவர் கேட்டு “சரி” என்று சொன்னால்தான் அது உறுதி. இங்கே மறுமுனை தூங்கிக்கொண்டிருந்தது. பதில் வராததை ஆபரேட்டர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பெரியதாகப் படுவது இந்த இடம்தான். கெமிஸ்ட் தூங்கியது அதற்கு அடுத்ததுதான்.

சைலோ 2 காலியாகி சைலோ 3க்கு மாற்றியது 3:55. மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் ஓடும் பாஸ்சரைசர். 4:13 வரை பதினெட்டு நிமிடம், ஆக மூவாயிரம் லிட்டர். அது போய்ச் சேர்ந்தது லைன் 2க்குப் பால் கொடுக்கும் டேங்கில், ஏற்கனவே அங்கிருந்த நாலாயிரம் லிட்டரோடு.

அந்த டேங்கிலிருந்து ஒரு பாக்கெட் கூட அடைக்கப்படவில்லை. லைன் 2தான் 3:44லிருந்து தோட்டைத் தேடி நின்றுகொண்டிருந்ததே!

பேக்கிங் சூப்பர்வைசரை அன்று சிலர் கிண்டல் செய்தார்கள். ஆனால் உணவு ஆலையில் நகை காணோம் என்றால் லைனை நிறுத்துவதுதான் சரி. தோடு, வளையல், நகத்துண்டு எதுவானாலும், பாக்கெட்டுக்குள் போயிருக்கலாம் என்ற சந்தேகம் வந்த நிமிடத்தில் நிறுத்தித் தேட வேண்டும். அதனால்தான் பேக்கிங் ஹாலுக்குள் நகை போட்டு வரவே கூடாது என்ற விதி இருக்கிறது. அந்தக் குழுவிலேயே செய்தியைப் படித்து உடனே சரியான காரியம் செய்தவர் அவர் ஒருவர்தான், அதுவும் இல்லாத தோட்டுக்காக. அறிக்கையில் இதைப் பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்தது என்று எழுதச் சொன்னார்கள். நான் அதிர்ஷ்டம் என்றுதான் எழுதினேன். வாக்கியத்தில் தோட்டுக்குப் பதில் “சாமி எங்க” என்று வந்திருந்தால் லைன் ஓடியிருக்கும்.

தூக்கம் வந்த விதம்

கெமிஸ்டுக்கு இருபத்தாறு வயது. அது தொடர்ந்து நாலாவது இரவு. செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு எழுந்தவர். அன்று இரவு வேலை. புதன் காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து நேராகக் குலதெய்வக் கோயிலுக்குப் போனார். அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், தோடும் தாய்மாமன் வாங்கி வர வேண்டும். “தூக்கம் வருது” என்று சொல்லி ஒதுங்கக்கூடிய இடமா அது? கெடாவெட்டு, பந்தி எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்து படுத்தது மாலை மூன்றரைக்கு. ஆறு மணிக்கு எழுந்து வேலைக்குக் கிளம்பினார். கணக்குப் போட்டால், செய்தி தட்டிய நேரத்துக்கு முந்தைய முப்பத்தேழரை மணி நேரத்தில் அவர் தூங்கியது இரண்டரை மணி.

விடுப்புக் கேட்டிருக்கிறார். இன்னொரு கெமிஸ்ட் ஏற்கனவே விடுப்பில். “இந்த ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ தம்பி” என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தாலும் போதாது. முந்தைய இரண்டு பகலிலும் அவர் தூங்கியது நாலரை, ஐந்து மணி நேரம். வெயில், தெருச் சத்தம், கூரியர்க்காரர், இரவு வேலைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். 2003இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டு இரண்டு வாரம் பார்த்தார்கள். கவனம் படிப்படியாகச் சரிந்து, கடைசியில் ஓரிரு இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் அவர்களைக் கேட்டால், கொஞ்சம்தான் தூக்கமாக இருக்கிறது என்றார்கள். இரவு வேலைக்காரர் “எனக்குப் பழகிடுச்சு” என்பதை நான் நம்பாததற்கு இந்த ஆய்வுதான் காரணம். சோர்வை அளக்கும் கருவியே சோர்ந்து போயிருக்கும்.

இதோடு நேரமும் சேர்ந்தது. உடலின் உள் கடிகாரம் விடியலுக்கு முன் மூன்று முதல் ஐந்து மணி வாக்கில்தான் உடம்புச் சூட்டை மிகவும் கீழே இறக்கும், விழிப்பையும் இறக்கும். சில நாள் இரவு வேலை செய்தால் அந்தக் கடிகாரம் திரும்பிவிடாது. காலையில் வீட்டுக்குப் போகும் வழியில் படும் வெயிலே அதைப் பழைய இடத்தில் பிடித்து வைத்திருக்கும். லேபில் அப்போது வெந்நீர்த் தொட்டி ஓடிக்கொண்டிருந்தது, ஏசி நிறுத்தியிருந்தது. ஒரு மணிக்குக் குடித்த டீயின் வேகம் பாதியாவது உடம்பில் இருந்திருக்கும், ஆனால் டீ தூக்கத்தின் கடனை அடைக்காது, கேட்கவிடாமல் கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான்.

ஒருவர் தூங்கப் போகிறார் என்பது அவர் தலை சாய்வதற்கு வெகுமுன்பே எழுத்தில் தெரியும். அன்றைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 1:58 பதிவு மணிமணியாக இருக்கிறது. 3:12க்குக் குழுவில் போட்ட செய்தி: “சைலோ 2 கொழுப்பு 3.0, எஸ்என்எஃப் 8.5, எஸ்என்எஃப் 8.5.” ஒரே எண் இரண்டு முறை. யாரும் கவனிக்கவில்லை, கவனிக்கும்படியான தவறும் இல்லை. 3:25க்கு “வெளிர் நீலம்” என்று எழுதியதில் கடைசி எழுத்தின் கோடு கட்டத்தை விட்டு இறங்கி அடுத்த இரண்டு வரிகளையும் தாண்டிப் பேனா நழுவிய இழுப்பாகக் கீழே போயிருக்கிறது. சில நொடித் தூக்கம் அது. கண் திறந்தேகூட இருந்திருக்கலாம். அதற்கப்புறம் எழுந்து குழாயை வைத்துவிட்டு வந்திருக்கிறார், தூங்கியது அவருக்கே தெரியாமல்.

3:38இல் நடந்ததும் அதேதான், கொஞ்சம் நீண்டுவிட்டது. தூக்கத்தின் முதல் படியில் விரல் உடனே நிற்பதில்லை. தட்டிப் பழகிய கை சில சொற்களுக்குத் தொடர்ந்து ஓடும், ஆனால் சொல்லை எடுத்துக் கொடுப்பது மாறிவிடும். பாதி விழிப்பில் அன்றைய பகலின் துண்டுகள் கனவுபோல உள்ளே வரும். கோயிலில் அக்கா கேட்ட கேள்வி வாக்கியத்துக்குள் நுழைந்துவிட்டது. அப்புறம் விரல் ஒரு விசையில் அப்படியே அமர்ந்தது, அதுதான் ட்ட்ட்ட். கை சரிந்தபோது என்டர். போனில் தட்டியிருந்தால் பாதிச் செய்தி பெரும்பாலும் அனுப்பப்படாமலே பெட்டிக்குள் கிடந்திருக்கும்.

“யாரோட தோடு?” என்று 4:07க்கு அவர் கேட்டதை வைத்து, அவர் நடிக்கிறார் என்று ஒரு மேலாளர் சொன்னார். நடிப்பில்லை. தூக்கத்துக்குள் போவதற்கு முந்தைய சில நிமிடங்கள் நினைவில் நிற்பதில்லை. இரவு போன் வந்து பேசிவிட்டுத் தூங்கியவர் காலையில் அப்படிப் பேசியதே இல்லை என்பார், பார்த்திருப்பீர்கள். 4:06க்கு டெஸ்பாட்சிலிருந்து லேப் போன் அடித்துத்தான் அவர் எழுந்தார். கடும் தூக்கப் பசியில் இருப்பவர் அரை மணிக்குள் ஆழ்ந்த தூக்கத்துக்கே போய்விடுவார். அங்கிருந்து எழுந்தால் சில நிமிடம் மந்தம் இருக்கும், கண் படிக்கும், மனம் பிடிக்காது. குழுவில் மேலிருந்து கீழே படித்து, எல்லாரையும்போல அவரும் தோட்டிலேயே நின்றுவிட்டார். “சைலோ 3 எடுக்கறேன்” என்பது அவர் மனதில் ஏற 4:11 ஆகிவிட்டது. மந்தமாக இருந்த அந்த நாலு நிமிடத்தில் மட்டும் சுமார் அறுநூற்றைம்பது லிட்டர் ஓடியிருக்கும்.

இன்னொரு இழப்பும் உண்டு, அதை யாரும் கேட்கவில்லை. 3:55க்குப் பார்க்க வேண்டிய எம்பிஆர்டி குழாயை யாரும் பார்க்கவில்லை. 4:15க்கு எடுத்தபோது வெள்ளையாக இருந்தது. அரை மணி விளிம்பில் வெளுத்ததா, இப்போதுதான் வெளுத்ததா? தெரியாது. ஒரு மணி முதல் இரண்டு மணிக்குள் என்று மட்டும் எழுத முடிந்தது. சுமார் ரகப் பால். பாக்கெட்டுக்கு வேண்டாம் என்று கெமிஸ்ட் முதலில் நினைத்தது சரியாகவே இருந்தது. டேங்கில் கலந்த ஏழாயிரம் லிட்டரும் பன்னீர்ப் பகுதிக்குத் திருப்பப்பட்டது. லைன் 2க்கு வேறு டேங்கைக் கொடுத்து ஓட்டினார்கள். இரண்டு வேன் தாமதமாகப் போயின.

ஏன் யாரும் எழுந்து போகவில்லை

பாய்லர்க்காரர் 3:47க்கே சரியாகச் சொல்லிவிட்டார். அவருக்குத் தெரிந்தது எப்படி என்று கேட்டேன்.

“முப்பது வருசம் நைட் பார்த்தவனுக்குத் தெரியாதுங்களா? நானே கரி எடுத்துப் போடறப்ப நின்னுட்டே தூங்கிருக்கேன்.”

“அப்ப லேபுக்குப் போய் எழுப்பியிருக்கலாமே?”

“பாய்லரை விட்டுட்டு வரக்கூடாதுங்க. அப்புறம், எழுப்பப் போயி, குரூப்ல மேனேஜர் எல்லாம் இருக்காங்க, தம்பிக்கு மெமோ குடுத்துட்டா?”

அதாவது தூங்கியதைச் சொல்வது காட்டிக் கொடுப்பதாக அங்கே ஆகிவிட்டது. அதனால் தெரிந்தவர் அதைச் சிரிப்பாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேள்வியைத் தட்டிவிட்டு, வேறு யாராவது போய்ப் பார்ப்பார்கள் என்று இருந்துவிட்டார்கள். லேபுக்குப் போனும் இருந்தது. அதை முதலில் அடித்தவர் டெஸ்பாட்ச்காரர், வண்டி நிற்கும் கோபத்தில், 4:06க்கு.

பணி நேரத்தில் உறங்கியதற்கு மெமோ தயாராகத்தான் இருந்தது. நான் அதை நிறுத்தச் சொன்னேன், இரக்கத்துக்காக இல்லை. மெமோ கொடுத்தால் அடுத்த முறை பாய்லர்க்காரர் அந்தச் சிரிப்பைக்கூட போடமாட்டார். இரவு ஷிஃப்ட்டுக்கு ஒரே கெமிஸ்டை வைத்துவிட்டு, அவருடைய காதுகுத்து நாளில் அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னவருக்கு மெமோ கிடையாது என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

மாற்றியது, மாறாதது

முதலில் வால்வு. நிறுத்தி வைத்த சைலோவின் வெளியேறும் வால்வில் சிவப்பு அட்டை கட்டிப் பூட்டுப் போடுவது, சாவி லேபில். பால் இறங்கும்போதே கெமிஸ்ட் சொல்லி டேங்கர் நிற்கும் டாக்கில் இருப்பவர் கட்டிவிட வேண்டும். இப்போது யார் தூங்கினாலும் பால் நகராது. இது இருந்தால் மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம்.

செய்தியில் முடிவை முதலில் போட வேண்டும் என்று முடிவானது: “நிறுத்தம். சைலோ 3. எம்பிஆர்டிக்குக் காத்திருக்கிறோம்.” முதல் சொல்லோடு தூங்கிவிட்டாலும் படிப்பவர் நின்றுவிடுவார். பழைய கைகள் இன்னும் “எடுக்க” என்றுதான் எழுதுகின்றன, அது மாற நாளாகும். புரியாத செய்தி வந்தால் பதில் தட்டக்கூடாது, போன் அடிக்க வேண்டும், எடுக்காவிட்டால் இன்சார்ஜ் நடந்து போக வேண்டும் என்பதற்குப் பெரிய எதிர்ப்பு இல்லை.

எதிர்ப்பு வந்தது தூக்கத்துக்குத்தான். ஒரு மணி வாக்கில் கெமிஸ்ட் இருபது நிமிடம் கண்ணயரலாம், அந்த நேரம் டாக் சூப்பர்வைசர் லேபில் உட்காருவார் என்றேன். “சம்பளம் கொடுத்துத் தூங்க வைப்பதா?” என்றார்கள். நீண்ட தூர விமானிகளிடம் அமெரிக்காவின் நாசா செய்த சோதனையைச் சொன்னேன். காக்பிட்டில் முறைவைத்து நாற்பது நிமிடம் ஒதுக்கினார்கள், விமானிகள் சராசரியாக இருபத்தாறு நிமிடம் தூங்கினார்கள். தூங்கியவர்கள் பயணத்தின் கடைசியில் தூங்காதவர்களைவிடத் தெளிவாக இருந்தார்கள். விமானத்தில் பலன் கொடுத்ததை இங்கே பாலுக்கு ஒப்புக்கொள்ளலாம் என்று கடைசியில் சரி என்றார்கள். இருபதுக்கு மேல் விடக்கூடாது, விட்டால் ஆழத்துக்குப் போய் எழும் மந்தம் வரும். எழுந்தவுடன் முதல் பத்து நிமிடம் எந்தப் பாலுக்கும் முடிவு சொல்லக்கூடாது.

இது எல்லா இரவும் நடப்பதில்லை. ஒரு மணிக்கு டேங்கர் நின்றால் தூக்கம் இரண்டுக்குத் தள்ளும், அங்கும் நின்றால் அன்று கிடையாது. அப்படிப்பட்ட இரவுதான் ஆள் மிகவும் சோர்ந்திருக்கும் இரவும். இருபது நிமிடம் இரண்டரை மணித் தூக்கத்தை ஈடுகட்டாது என்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரவுக்கு இரண்டாவது கெமிஸ்டை எடுத்தார்கள். பட்டியலில் இருவர் பெயரும் இருக்கிறது. ஆனால் வைகாசி முகூர்த்த நாட்களில் இருவரும் ஒரே நாளுக்கு விடுப்புக் கேட்கிறார்கள், இன்சார்ஜ் இன்னும் “அட்ஜஸ்ட்” என்ற சொல்லை விடவில்லை.